“வயது சுமார் 10”: வக்கீல் கருத்துரையைத் தமிழாக்குவது பற்றி

“அண்ணாச்சி, லீகல் கிளியராம். நீங்க ஒரு தடவ பாத்து தமிழ்ல எழுதிக் குடுத்துட்டா அட்வான்ஸ குடுத்துருவேன்.”

2018ஆம் ஆண்டின் கடைசியில், சங்கரன்கோவிலில் ஒரு வீடு வாங்கவிருந்த தறிக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னது இது. கையில் நான்கு பக்க ஆங்கிலக் கடிதம். வங்கிக் கடனுக்காக வக்கீல் எழுதிய சொத்துரிமைக் கருத்துரை. நம் ஊரில் அதை ‘லீகல் ஒப்பீனியன்’ என்றோ வெறுமனே ‘லீகல்’ என்றோ சொல்வார்கள். கடிதத்தை அவர் படித்திருக்கவில்லை. தரகர் சொன்னதை அப்படியே என்னிடம் சொன்னார். ஆனால் ‘கிளியர்’ என்று சொல்லவில்லை, ‘கிளியராம்’ என்றார். தான் பார்த்தறிந்ததல்ல, அடுத்தவர் சொல்லிக் கேட்டது என்பதை அந்த ‘ஆம்’ காட்டிவிட்டது.

அதன் பிறகு பல நாள் நான் யோசித்தது அந்த விகுதியைத்தான். ஒரு செய்தியைக் கண்டு சொல்கிறோமா, கேட்டுச் சொல்கிறோமா, ஊகித்துச் சொல்கிறோமா என்று பிரித்துக்காட்டத் தமிழில் வழி ஏராளம். ‘வந்தார்’, ‘வந்தாராம்’, ‘வந்திருக்க வேண்டும்’, ‘வந்திருக்கலாம்’, ‘வந்தார் போலும்’, ‘வந்ததாகத் தெரிகிறது’ எல்லாம் ஒன்றல்ல என்பது படிக்காதவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் வக்கீலின் ஆங்கிலக் கருத்துரை தமிழுக்கு வரும்போது முதலில் உதிர்வது இந்த வேறுபாடுகள்தான். மொழிபெயர்ப்பவரின் கவனம் முழுக்கப் பெயர்ச்சொற்களில் இருக்கிறது. ‘என்கம்பரன்ஸ்’ என்பதற்கு என்ன, ‘ரிலீஸ் டீட்’ என்பதற்கு என்ன என்று தேடுகிறோம். அதற்கெல்லாம் நம்மிடம் நூறாண்டுக்கு மேலாகச் சொல் இருக்கிறது. இழப்பு நேர்வது வினைமுற்றில்.

கருத்துரை என்பது எப்படிப்பட்ட எழுத்து என்பதை முதலில் பார்த்துவிடலாம். வக்கீல் மூலப்பத்திரம், தொடர் கிரயப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று ஆகியவற்றைப் பார்க்கிறார். பெரும்பாலும் 30 ஆண்டு வரலாற்றைப் பின்னோக்கித் தொடர்கிறார். பிறகு எழுதுகிறார். அவர் எழுதும் வாக்கியங்கள் மூன்று இனம். ‘இன்ன பத்திரத்தில் இன்னது எழுதியிருக்கிறது’ என்பது அவர் கண்டது. ‘நகல்கள் அசலோடு ஒத்திருக்கின்றன, கையெழுத்துகள் உண்மையானவை என்று வைத்துக்கொள்கிறேன்’ என்பது அவர் சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டது. ‘ஆகவே இன்னாருக்கு உரிமை உண்டு’ என்பது அவர் தீர்மானித்தது. மூன்றாவது முதல் இரண்டின் மேல் நிற்கிறது. இரண்டாவதில் ஒன்று பொய்த்தால் மூன்றாவது சரியும். வக்கீல் அப்போதும் தவறு செய்தவர் ஆகமாட்டார், ஏனெனில் அவர் முன்னமே சொல்லியிருக்கிறார்.

இதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சிபிஐ எதிர் நாராயண ராவ் வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐதராபாத்தில் ஒரு வங்கிக் கிளையின் வீட்டுக் கடன்களில் மோசடி நடந்தது. சொத்துரிமைக் கருத்துரை கொடுத்த வங்கி வக்கீலையும் கூட்டுச்சதியில் சேர்த்துக் குற்றப்பத்திரிகை போட்டார்கள். நீதிபதிகள் சதாசிவம், ரஞ்சன் கோகோய் அமர்வு அதை ஏற்கவில்லை. கருத்துரை பிழையாகிப் போனது என்பதற்காக மட்டும் வக்கீலைக் குற்றவாளி ஆக்க முடியாது, அவர் மோசடிக்குத் தெரிந்தே உடந்தையாக இருந்ததற்குச் சான்று வேண்டும் என்றது. எல்லா நிலையிலும் வெற்றி உறுதி என்று எந்த வக்கீலும் கட்சிக்காரரிடம் சொல்வதில்லை, உரிய திறமையோடும் கவனத்தோடும் செய்வேன் என்பதே அவர் தரும் வாக்கு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கருத்துரை உத்தரவாதம் ஆகாது. ஆனால் தமிழில் வாசிப்பவர் கையில் அது உத்தரவாதமாக மாறி நின்றால், மாற்றியவர் மொழிபெயர்த்தவர்.

தறிக்காரர் கொண்டுவந்த கடிதத்தைப் போன்ற ஒன்றைப் பெயர், ஆண்டு, எண் எல்லாம் மாற்றி இங்கே எடுத்துக்கொள்கிறேன். கதை எளிது. தகப்பனார் 1988இல் சொந்தச் சம்பாத்தியத்தில் வீட்டைக் கிரயம் வாங்கினார். 2004இல் உயில் எழுதாமல் காலமானார். வாரிசுகள் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு. 2007 ஜூனில் ஒரு விடுதலைப் பத்திரம் பதிவாகிறது. தாயாரும் மூத்த மகளும் தங்கள் பங்கை மகனுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். இளைய மகள் மைனர். அவளுக்காகத் தாயாரே கார்டியனாகக் கையெழுத்துப் போடுகிறார். நீதிமன்ற அனுமதி வாங்கவில்லை. பத்திரத்தில் இளைய மகள் பெயருக்குப் பக்கத்தில் ‘வயது சுமார் 10’ என்று இருக்கிறது. இப்போது 2018 நவம்பரில் மகன் வீட்டை விற்கிறார்.

இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956இன் 8ஆம் பிரிவுப்படி, நீதிமன்ற அனுமதி இல்லாமல் இயற்கைக் காப்பாளர் மைனரின் அசையாச் சொத்தைக் கைமாற்றினால், அந்த மைனர் விரும்பினால் அதை ரத்து செய்யலாம். 18 வயது நிறைந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது காலவரையறைச் சட்டத்தின் 60ஆம் இனம். வக்கீல் இதை வைத்து ஒரு பத்தி எழுதியிருந்தார். அதை ஒருவர் ஏற்கெனவே தமிழில் இப்படி எழுதிக் கொடுத்திருந்தார்:

“மைனர் பங்கை விடுதலை செய்தது செல்லாது. ஆனால் மைனருக்கு 10 வயது என்பதால் வழக்குப் போடும் காலம் 2018 ஜூனில் முடிந்துவிட்டது தெரிய வருகிறது. எனவே பிரச்சினை இல்லை. கிரயத்தில் இளைய சகோதரியையும் கையெழுத்திடச் செய்யலாம்.”

நாலு வரி. சரளமான தமிழ். ஒவ்வொரு வரியிலும் ஒரு கேடாவது உண்டு.

முதலில் ‘செல்லாது’. வக்கீல் எழுதியது ‘வாய்டபிள்’. ‘வாய்ட்’ என்றால் தொடக்கத்திலிருந்தே இல்லாதது. யாரும் போய் ரத்து செய்ய வேண்டியதில்லை. ‘வாய்டபிள்’ என்றால் இன்றைக்குச் செல்லும், ஆனால் குறிப்பிட்ட ஒருவர், குறிப்பிட்ட காலத்துக்குள், விரும்பினால் அதைச் செல்லாமல் ஆக்கலாம். ‘செல்லாததாக்கத் தக்கது’ என்று எழுதினால் ஓரளவு சரி. வாசிப்பவர் வீட்டுக்காரர் என்றால் அதுவும் போதாது. ‘இளைய மகள் விரும்பினால் ரத்து செய்துகொள்ளக்கூடியது’ என்று ஆளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆளைச் சொன்னால்தான் அடுத்த கேள்வி எழும்: அந்த மகள் இப்போது எங்கே, என்ன நினைக்கிறாள்?

அடுத்தது ‘சுமார்’. மொழிபெயர்ப்பில் அது காணாமல் போயிற்று. பழைய பத்திரங்களில் வயதுக்கு முன்னால் ‘சுமார்’ போடுவது எழுத்தர்களின் வழக்கம். பிறப்புச் சான்று பார்த்து எழுதியதல்ல, வந்தவர் சொன்னதைக் கேட்டு எழுதியது என்று அதற்குப் பொருள். வக்கீல் ஆங்கிலத்தில் ‘அபவுட் 10’ என்று கவனமாக எடுத்துப்போட்டு, ‘அந்த வயது சரி என்ற அடிப்படையில்’ என்று ஒரு தொடரையும் சேர்த்திருந்தார். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2007 ஜூனில் பத்து வயது நிறைந்திருந்தால் 2015 ஜூனுக்குள் 18 நிறைந்துவிடும். 2018 ஜூனுக்குள் மூன்று ஆண்டும் முடிந்துவிடும். கருத்துரை நவம்பரில் எழுதப்பட்டது. ஆறாவது மாதம் தாண்டியாயிற்று. ஆனால் அன்று அந்தப் பெண்ணுக்கு ஒன்பதுதான் நடந்துகொண்டிருந்தது என்றால், 18 நிறைவது 2016இன் பிற்பாதி அல்லது 2017இன் முற்பாதி. வழக்குக் காலம் 2019 பிற்பாதிக்கோ 2020க்கோ போய்விடும். வாங்குபவர் அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் வழக்குப் போடும் உரிமை உயிரோடு இருக்கும். ‘சுமார்’ என்ற மூன்றெழுத்தில் நான்கில் ஒரு பங்கு வீடு தொங்குகிறது.

மூன்றாவது ‘தெரிய வருகிறது’. ஆங்கிலத்தில் ‘அப்பியர்ஸ்’. இதற்குத் ‘தெரிகிறது’ என்று போடுவது கைப்பழக்கம். பேச்சில் ‘தெரியுது’ என்றால் மென்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் நீதிமன்றத் தமிழில் ‘தெரிய வருகிறது’ என்பது சாட்சியங்களைப் பரிசீலித்து வந்த முடிவு. தீர்ப்பில் அப்படி எழுதினால் அது உறுதியான கண்டறிதல். ஆவணத்தில் கண்ணால் கண்டதற்குக் ‘காணப்படுகிறது’ பொருந்தும். கண்டதிலிருந்து மெதுவாக ஊகித்ததற்குத் ‘தோன்றுகிறது’ பொருந்தும். வக்கீல் சொன்னது கடைசியானதை. ‘முடிந்துவிட்டதாகத் தோன்றுகிறது’ என்று எழுதினால் சட்டத் தமிழில் கம்பீரம் குறைகிறதே என்று சிலர் தயங்குவார்கள். அந்தக் கம்பீரக் குறைவைத்தான் வக்கீல் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்.

நான்காவது ‘பிரச்சினை இல்லை’. மூலத்தில் இருந்தது, உரிமைகோரல் எழும் வாய்ப்பு குறைவு, ஆனால் அறவே இல்லை என்று விலக்கிவிட முடியாது என்பது. குறைவு என்பதும் இல்லை என்பதும் வெவ்வேறு. தலைவலி குறைந்திருக்கிறது என்று நோயாளி சொன்னால் டாக்டர் மாத்திரையை நிறுத்துவதில்லை.

ஐந்தாவதுதான் ஆகப் பெரியது. வக்கீல் எழுதியது ‘ஷுட் பி ஜாயின்ட் அஸ் எ பார்ட்டி’. இளைய மகளைக் கிரயப் பத்திரத்தில் ஒரு தரப்பாகச் சேர்த்தாக வேண்டும். தமிழில் வந்தது ‘கையெழுத்திடச் செய்யலாம்’. அட்வான்ஸ் வாங்கிய விற்பனையாளர் என்ன செய்வார்? தங்கையைக் கூட்டிவந்து சாட்சிக் கையெழுத்துப் போட வைப்பார். கையெழுத்துப் போட்டாயிற்றே என்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். ஆனால் பத்திரத்துக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர், அந்த ஒரே காரணத்தால் பத்திரத்தின் வாசகத்துக்குக் கட்டுப்பட்டவர் ஆவதில்லை என்பது சட்டத்தில் நெடுங்காலமாக நிலைபெற்றது. சாட்சி உறுதி செய்வது, இன்னார் என் கண்முன் எழுதிக்கொடுத்தார் என்பதை மட்டும்தான். தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக அதற்குப் பொருள் இல்லை. வக்கீல் சொன்ன பரிகாரம் வேறு, நடக்கப்போவது வேறு. இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு ‘லாம்’.

அந்தப் பத்தியை நான் திரும்ப எழுதியது இப்படி:

“2007ஆம் ஆண்டு விடுதலைப் பத்திரத்தில் இளைய மகளின் பங்கைத் தாயார் கார்டியனாக இருந்து விட்டுக்கொடுத்திருக்கிறார். அதற்கு நீதிமன்ற அனுமதி பெற்றதாக எந்த ஆவணமும் என்னிடம் தரப்படவில்லை. எனவே, அந்தப் பங்கைப் பொறுத்தவரை, இளைய மகள் விரும்பினால் காலவரம்புக்குள் வழக்குப் போட்டு ரத்து செய்துகொள்ளக்கூடிய நிலையில் அப்பத்திரம் இருந்தது. அவர் வயது ‘சுமார் 10’ என்று பத்திரத்தில் காணப்படுகிறது. பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ நான் பார்க்கவில்லை. அந்த வயது சரிதான் என்று வைத்துக்கொண்டால், காலவரம்பு 2018 ஜூனில் முடிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. வழக்கு எதுவும் தொடரப்படவில்லை என்றும் வைத்துக்கொள்கிறேன். நீதிமன்றத்தில் தேடிப் பார்க்கவில்லை. இந்த அடிப்படையில், அவரிடமிருந்து உரிமைகோரல் எழும் வாய்ப்பு குறைவு என்று கருதுகிறேன். அறவே எழாது என்று சொல்ல இயலாது. ஆகவே அவரைக் கிரயப் பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவர்களில் ஒருவராகச் சேர்த்தாக வேண்டும். சாட்சியாக அல்ல.”

கடைசி இரண்டு சொல் மூலத்தில் இல்லை. சேர்க்கலாமா என்று வக்கீலிடமே கேட்டு, அவர் சரி என்ற பின்பு சேர்த்தேன். கேட்காமல் சேர்த்திருந்தால் அதுவும் தவறுதான், எவ்வளவு நல்ல எண்ணத்தில் செய்திருந்தாலும்.

தமிழ் நீண்டுவிட்டது. ஆங்கிலத்தில் ஒரே நீண்ட வாக்கியமாக இருந்ததைப் பத்துக்கு மேற்பட்ட வாக்கியங்களாக உடைத்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கில வாக்கியம் தீர்மானத்தை முன்னால் சொல்லிவிட்டு, ‘சப்ஜெக்ட் டு’ என்று நிபந்தனைகளை வால்போல் இழுத்துச் செல்லும். படிப்பவர் கடைசியில் நிபந்தனையோடு நிற்பார். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். அதே அமைப்பை ‘இன்னின்னவற்றுக்கு உட்பட்டு, இன்னின்னதன் பேரில், தெளிவான உரிமை உள்ளது’ என்று ஒரே மூச்சில் திருப்பினால், நடுவில் உள்ள ஐந்து நிபந்தனைகளும் காதைத் தாண்டிப்போய், ‘உரிமை உள்ளது’ மட்டும் மனத்தில் தங்கும். இலக்கணம் சரி, பொருளும் சரி, ஆனால் அழுத்தம் இடம் மாறிவிட்டது. நிபந்தனையை ஒரு தனி வாக்கியமாக்கி அதற்கென்று ஒரு வினைமுற்றுக் கொடுத்தால்தான் தமிழில் அதற்கு எடை வரும். ‘உட்பட்டு’ என்ற சொல்லைச் சட்டத் தமிழில் நாம் மிகுதியாகப் பயன்படுத்துகிறோம். அசல் பத்திரம் வந்த பிறகுதான் இந்தக் கருத்து பொருந்துமா, அல்லது கருத்து இப்போதே பொருந்துகிறது, பின்னால் அசல் வராவிட்டால் மாறுமா என்பதை அது சொல்வதில்லை. ‘அசலைக் காட்டினால் மட்டுமே’ என்றோ ‘அசலில் மாறுபாடு இல்லாதவரை’ என்றோ பிரித்து எழுத வேண்டும். எது என்று தெரியவில்லையென்றால் வக்கீலைக் கேட்க வேண்டும்.

‘ஷுட்’ பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது, ஏனெனில் அது இருமுகச் சொல். மேலே பார்த்த இடத்தில் அது கட்டளை. ஆனால் வெளிநாட்டு வக்கீல்களின் கருத்துரையில், குறிப்பாக அமெரிக்க வரிக் கருத்துரையில், அது உறுதியின் அளவைக் குறிக்கும் கலைச்சொல். ‘வில்’ என்றால் ஏறத்தாழ ஐயமே இல்லை. ‘ஷுட்’ அதற்கு ஒரு படி கீழே: வலுவான நம்பிக்கை, ஆனாலும் மறுபக்கம் பேச இடமுண்டு. அதற்கும் கீழே ‘மோர் லைக்லி தேன் நாட்’, அதாவது பாதிக்கு மேல். வெளிநாட்டில் வேலைபார்க்கும் பிள்ளை அங்குள்ள வக்கீலிடம் வாங்கிய கடிதம் தகப்பனாருக்காகத் தமிழுக்கு வரும்போது, இந்த ‘ஷுட்’ ‘வேண்டும்’ ஆகிவிடுகிறது. ‘இந்தத் தொகைக்கு வரிவிலக்குக் கிடைக்க வேண்டும்’ என்று எழுதினால் அது கோரிக்கைபோலவோ ஆதங்கம்போலவோ ஒலிக்கிறது. ‘வரிவிலக்குக் கிடைக்கும் என்றே வலுவாகக் கருதுகிறோம்’ என்பது அருகில் வரும். ஒரு கடிதத்துக்குள் மூன்று படிகளும் வந்தால், மூன்றுக்கும் மூன்று தொடர்களை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு கடைசிவரை மாற்றாமல் கையாள வேண்டும். நடை சலிக்கிறதே என்று சொல்லை மாற்றினால், படியையும் மாற்றிவிட்டோம்.

அப்படியானால் எண்ணாகவே போட்டுவிடலாமே, நூற்றுக்கு எழுபது, எண்பது என்று? சிஐஏவில் மதிப்பீட்டு அறிக்கைகளுக்குப் பொறுப்பாக இருந்த ஷெர்மன் கென்ட் 1964இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1951இல் யூகோஸ்லாவியா மீதான தாக்குதலுக்குத் ‘தீவிரமான சாத்தியம்’ இருப்பதாக அவருடைய குழு ஓர் அறிக்கையில் எழுதியிருந்தது. பிறகு குழுவினரை அவர் தனித்தனியே கேட்டபோது, அந்தத் தொடருக்கு ஒருவர் மனத்தில் நூற்றுக்கு இருபது, இன்னொருவர் மனத்தில் நூற்றுக்கு எண்பது என்று இருந்தது. எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வாசகம் அது. இதிலிருந்து எண்ணே மேல் என்று தோன்றலாம். அறிக்கை எழுதுபவருக்கு அது சரியாக இருக்கலாம். மொழிபெயர்ப்பவருக்கு அந்த உரிமை இல்லை. வக்கீல் எண் சொல்லவில்லை என்றால், நாம் போடும் எண் நாம் கொடுக்கும் கருத்துரை.

‘லாம்’ விகுதியின் தொல்லையும் இப்படிப்பட்டதே. ‘வாங்குபவர் வழக்கைச் சந்திக்கலாம்’ என்றால் வாய்ப்பு. ‘வாங்குபவர் அட்வான்ஸ் கொடுக்கலாம்’ என்றால் அனுமதி, ஏன், யோசனை என்றும் சொல்லலாம். ‘இந்தப் பட்டாவை ஏற்கலாம்’ என்றால்? வங்கி மேலாளர் அனுமதி என்று எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் ‘மே’ வந்த இடமெல்லாம் ‘லாம்’ போடாமல், வாய்ப்பைச் சொல்லும் இடத்தில் ‘கூடும்’ என்றும் அனுமதியைச் சொல்லும் இடத்தில் ‘லாம்’ என்றும் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ‘வழக்கைச் சந்திக்க நேரக்கூடும்’ என்பதை யாரும் யோசனையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு இரட்டையர் ‘அசம்ப்ஷன்’, ‘பிரிசம்ப்ஷன்’. இரண்டையும் ‘அனுமானம்’ என்று எழுதிவிடுகிறோம். முதலாவது வக்கீல் சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டது. பொறுப்பு அவருடையதல்ல என்று அறிவிக்கிறார். இரண்டாவது சட்டமே தரும் சலுகை. 30 ஆண்டு பழைய ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால், அதன் கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் கொள்ளலாம். எதிர்த்தரப்பு வேறு காட்டும்வரை அது நிற்கும். ஒன்று பலவீனத்தின் அறிகுறி, மற்றது பலத்தின் அறிகுறி. இரண்டும் ஒரே சொல்லில் வந்தால் வாசிப்பவர் எதை நம்புவது? நான் முதலாவதற்கு ‘என்று வைத்துக்கொள்கிறேன்’ என்ற வினையையே கையாளுகிறேன். பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் ‘வைத்துக்கொள்வோம்’ என்றால் அது நிரூபிக்கப்படாதது என்று தெரியாத தமிழர் இல்லை. இரண்டாவதற்கு ‘சட்டப்படியான ஊகம்’ என்று எழுதுகிறேன்.

எதிர்மறை வாக்கியங்களில் ஒரு சறுக்கல் எப்போதும் காத்திருக்கிறது. வில்லங்கச் சான்று என்ன சொல்கிறது? கேட்ட சொத்துக்கு, தேடிய காலத்துக்குள், பதிவான பத்திரம் ஏதும் இல்லையென்றால் 16ஆம் படிவத்தில் அப்படிச் சான்று வரும். பதிவாகாத வாடகை ஒப்பந்தமோ, வாய்மொழிப் பாகப் பிரிவினையோ, பதியாத உயிலோ அதில் ஏறாது. சர்வே எண்ணைத் தவறாகக் கொடுத்துத் தேடினாலும் ‘இல்லை’ என்றே வரும். ஆகவே வக்கீல் ‘தேடிய காலத்தில் வில்லங்கம் ஏதும் காணப்படவில்லை’ என்கிறார். தமிழில் அது ‘வில்லங்கம் இல்லை’ ஆகிறது. ‘நிலுவையில் வழக்கு இருப்பதாக என் கவனத்துக்கு வரவில்லை’ என்பது ‘வழக்கு ஏதும் இல்லை’ ஆகிறது. ‘இல்லை’ என்பதை எதன்மேல் ஏற்றுகிறோம் என்பதுதான் விஷயம். வக்கீல் தன் பார்வையின்மேல் ஏற்றினார், நாம் உலகத்தின்மேல் ஏற்றிவிட்டோம். ‘பார்வையிட்டேன்’, ‘ஒப்பிட்டுப் பார்த்தேன்’, ‘சரிபார்த்தேன்’ மூன்றும் இதே காரணத்தால் ஒன்றுக்கொன்று பதிலி ஆகாது. நகலைப் பார்வையிட்டவர் அதைச் சரிபார்த்தவர் அல்லர்.

தேதியும் ஒரு நிபந்தனைதான். கொரோனாப் பரவலை முன்னிட்டு, 15.3.2020 முதல் 28.2.2022 வரையான காலத்தைக் காலவரம்புக் கணக்கிலிருந்து விலக்கி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நம் மாதிரிக் கடிதத்தின் இளைய மகளுக்கு உண்மையில் எட்டு வயதுதான் நடந்துகொண்டிருந்தது என்றால், 2018இல் போட்ட எந்தக் கணக்கும் பிறகு நிற்காது. அந்த வக்கீலுக்கு 2018இல் அது தெரிந்திருக்க வழியில்லை. அதனால் கடிதத்தின் தேதியை மொழிபெயர்ப்பின் தலையில் பெரிதாகப் போட வேண்டும். மொழிபெயர்த்த தேதியை அடியில் தனியாகப் போட வேண்டும். சொத்து விவரத்தில் வரும் ‘திருநெல்வேலி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டம்’ என்பதையும் நாமாகத் ‘தென்காசி மாவட்டம்’ என்று திருத்தக் கூடாது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். கடிதம் அதற்கு முந்தியது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

வேலை செய்யும் முறையைச் சொல்கிறேன். மொழிபெயர்க்கத் தொடங்குமுன் ஆங்கிலக் கடிதத்தை மூன்று நிறப் பென்சிலோடு படிக்கிறேன். கண்டதற்குப் பச்சை, வைத்துக்கொண்டதற்கு நீலம், தீர்மானித்ததற்குச் சிவப்பு. ஒவ்வொரு சிவப்புக் கோட்டிலிருந்தும் அது சாய்ந்திருக்கும் நீலக் கோடுகளுக்கு அம்புக்குறி இடுகிறேன். மேற்படிக் கடிதத்தில் நீலம் ஏழு இருந்தது. தமிழ் முடிந்ததும் மூலத்தை மூடிவைத்துவிட்டுத் தமிழில் அதே மூன்று நிறங்களைப் போடுகிறேன். நீலம் ஐந்தாக வந்தால் இரண்டை நான் விழுங்கிவிட்டேன். பெரும்பாலும் அவை சிவப்பாக மாறியிருக்கும். பிறகு, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழைக் கொடுத்து, ‘இந்த வக்கீல் எதையெல்லாம் பார்க்கவில்லை?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். ‘வாங்கலாமா?’ என்று கேட்டால் அவர் தன் ஆசையைச் சொல்வார். ‘எதைப் பார்க்கவில்லை?’ என்று கேட்டால் என் எழுத்தில் இருப்பதைச் சொல்வார்.

சில கடிதங்களில் வக்கீலே தெளிவில்லாமல் எழுதியிருப்பார். முதல் பத்தியில் ஒரு நகலைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டு, கடைசியில் வங்கிப் படிவத்தின் வாசகத்தை ஒட்டித் ‘தெளிவான, செல்லத்தக்க, சந்தை மதிப்புள்ள உரிமை உண்டு என்று சான்றளிக்கிறேன்’ என்பார். கருத்தும் சான்றும் ஒரே தாளில் முட்டிக்கொள்ளும். அதைச் சமன்செய்வது நம் வேலை அல்ல. முட்டல் மூலத்தில் இருந்தால் தமிழிலும் இருக்க வேண்டும். தனித்தாளில் குறிப்பெழுதி வக்கீலுக்குக் காட்டலாம். போகிறபோக்கில் ஒன்று: இங்கே ‘சந்தை மதிப்புள்ள’ என்று வழக்கமாகத் தமிழாக்கப்படும் ‘மார்க்கெட்டபிள்’ என்பது சந்தை மதிப்பைப் பற்றியதல்ல. நியாயமான ஒரு வாங்குபவர் வழக்கு பயமின்றி ஏற்றுக்கொள்ளும்படியான உரிமை என்பதே அதன் பொருள். ‘தயக்கமின்றி விற்கவும் வாங்கவும் தக்க உரிமை’ என்று நான் எழுதுகிறேன்.

தறிக்காரருக்குத் தமிழ்ப் படியைக் கொடுத்தபோது நான் எதுவும் விளக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து விரலை வரிக்கு வரி நகர்த்தி அவரே படித்தார். ‘சுமார் 10’ வந்த இடத்தில் விரல் நின்றது. திரும்ப மேலே போய் ஒரு முறை படித்தார்.

“அண்ணாச்சி, அந்தத் தங்கச்சிப்புள்ள எப்ப பெறந்துச்சுன்னு ஒருத்தரும் பாக்கலியா?”

“வக்கீல் பாக்கலன்னு எழுதியிருக்காரு.”

“அப்ப நான் பாத்துட்டு வாரேன்” என்று சொல்லி, கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். அட்வான்ஸ் பணம் அன்று கைமாறவில்லை.